பெரிய அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்கும் ஒலிம்பியாடுக்கும் படிக்கும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக எண்ணியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 13^2027 என்பது போன்ற ஓர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காணும் கணக்கு வந்துவிட்டால், ஏறத்தாழ ஒரே வரிசையில் ஒரே சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி அடுக்கியிருக்கிறேன். முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல் மேலே உள்ள விடையைச் சுட்டியிருப்பதால், முதன்முறை படிப்பவர்கள் தொடக்கத்திலிருந்து படிப்பது நல்லது.

முழு எண்ணே தெரியாதபோது அதன் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் எப்படித் தெரியும்?

ஓர் எண்ணை 100-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள். இரண்டு எண்களைப் பெருக்கும்போது, பெருக்கற்பலனின் கடைசி இரண்டு இலக்கங்களை முடிவு செய்பவை அந்த இரு எண்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே. நூறுகளுக்கு மேலே உள்ள பகுதி எதைப் பெருக்கினாலும் நூறின் மடங்காகவே இருக்கும். எனவே ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் முன்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு இலக்கங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடரலாம்.

7-ஐ எடுத்துக்கொள்வோம். 7, 49, பிறகு 343 என்பதால் 43, பிறகு 43 × 7 = 301 என்பதால் 01. உண்மையான 7^4 என்பது 2401. அதன் வால்பகுதியும் 01-தான். இரண்டு எண்கள் 100-ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தந்தால், பத்தாம் வகுப்புப் பாடநூலில் வருவது போல அவை மட்டு 100-இல் ஒருங்கிசைவானவை என்கிறோம். 7^4 ≡ 1 என்று எழுதுகிறோம். இந்தப் பக்கம் முழுவதும் ≡ குறி வரும் இடங்களில், வேறாகச் சொல்லாதவரை, மட்டு 100 என்றே பொருள் கொள்ளுங்கள்.

7-க்கு நான்கே படியில் 01 வந்துவிட்டது. எல்லா எண்ணுக்கும் இப்படி வருமா?

எல்லாவற்றுக்கும் வராது, 2-ஆலோ 5-ஆலோ வகுபடாத எண்களுக்கு மட்டுமே வரும். அதாவது 100-உடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத, 100-க்குச் சார்பகா எண்களாக இருப்பவற்றுக்கு வரும். ஒன்றுகள் இலக்கம் 1, 3, 7, 9 ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த எண் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

அப்படிப்பட்ட ஓர் எண்ணின் எத்தனையாவது அடுக்கில் முதன்முதலாக 01 கிடைக்கிறதோ, அந்த அடுக்குக்கு மட்டு 100-இல் அதன் பெருக்கல் வரிசை என்று பெயர். 7-இன் வரிசை 4. 51-இன் வரிசை 2, ஏனெனில் 51 × 51 = 2601. 3-இன் வரிசையோ 20. வரிசை தெரிந்துவிட்டால் அடுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அச்சமில்லை: அடுக்கை வரிசையால் வகுத்து, மீதியை மட்டும் புதிய அடுக்காக வைத்துக்கொள்ளலாம். 7^2025 கேட்டால், 2025-ஐ 4-ஆல் வகுக்க மீதி 1, ஆகவே விடை 07.

40 என்று ஒரு எண் எல்லா உரையிலும் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது?

1 முதல் 100 வரை உள்ள எண்களில் 100-க்குச் சார்பகாவாக இருப்பவை எத்தனை என்று எண்ணினால் 40 கிடைக்கும். ஒவ்வொரு பத்திலும் 1, 3, 7, 9 என்று முடியும் நான்கு எண்கள் உண்டு, பத்துப் பத்துகள் இருக்கின்றன, அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையை φ(100) = 40 என்று எழுதி, ஆய்லரின் ஃபை சார்பு அல்லது டோஷென்ட் சார்பு என்று அழைக்கிறோம்.

ஆய்லர் 1763-இல் வெளியிட்ட தேற்றம் இதைத்தான் பயன்படுத்துகிறது: a என்பது n-க்குச் சார்பகா எண்ணாக இருந்தால், a-இன் φ(n)-ஆம் அடுக்கை n-ஆல் வகுக்க மீதி 1. நமக்கு n = 100; எனவே அந்த 40 எண்களில் எதை எடுத்தாலும் a^40 ≡ 1.

மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் அது ஏன் உண்மை என்று புரியவில்லை.

40 எண்களை வைத்துக் காட்டினால் கண் சோர்ந்துவிடும்; மட்டு 10-இல் அதே காரணத்தை நான்கே எண்களில் பார்த்துவிடலாம். 10-க்குச் சார்பகா எண்கள் 1, 3, 7, 9. இவை ஒவ்வொன்றையும் 7-ஆல் பெருக்கி, கடைசி இலக்கத்தை மட்டும் எழுதுங்கள்: 7, 1, 9, 3. அதே நான்கு எண்கள், இடம் மட்டும் மாறியிருக்கின்றன. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை.

அப்படியானால் பெருக்குவதற்கு முன் இருந்த நான்கின் பெருக்கற்பலனும், பெருக்கிய பின் கிடைத்த நான்கின் பெருக்கற்பலனும் கடைசி இலக்கத்தில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இரண்டாவதில் ஒவ்வொரு எண்ணோடும் ஒரு 7 ஒட்டிக்கொண்டிருக்கிறது; மொத்தம் 7^4. இருபுறமும் பொதுவாக இருக்கும் 1 × 3 × 7 × 9-ஐ நீக்கினால், 7^4-ஐ 10-ஆல் வகுக்க மீதி 1 என்று நிற்கிறது. நீக்க முடிகிறது என்பதுதான் இதன் உயிர்நாடி. அந்த நான்கும் 10-க்குச் சார்பகாவாக இருப்பதால்தான் நீக்க முடிகிறது. 100-க்கு வரும்போது நான்குக்குப் பதில் நாற்பது, மற்றதெல்லாம் அப்படியே.

13^2027-ஐ ஒரு படி கூட விடாமல் செய்து காட்டுங்கள்.

13 ஒற்றைப்படை எண், 5-ஆல் வகுபடாது. ஆகவே தேற்றம் பொருந்தும். 2027-ஐ 40-ஆல் வகுக்க ஈவு 50, மீதி 27. எனவே 13^2027 = (13^40)^50 × 13^27 ≡ 13^27.

13^27-க்கு இருபத்தேழு முறை பெருக்கத் தேவையில்லை, வர்க்கப்படுத்திக்கொண்டே போகலாம். 13^2 = 169 என்பதால் 69. 69-இன் வர்க்கம் 4761, ஆகவே 13^4 ≡ 61. 61-இன் வர்க்கம் 3721, ஆகவே 13^8 ≡ 21. 21-இன் வர்க்கம் 441, ஆகவே 13^16 ≡ 41. இப்போது 27 = 16 + 8 + 2 + 1 என்று பிரித்துக்கொள்கிறோம். 41 × 21 = 861, வால்பகுதி 61. 61 × 69 = 4209, வால்பகுதி 09. 9 × 13 = 117, வால்பகுதி 17. விடை 17.

இந்த வரிசையில் பிழை பெரும்பாலும் 09 போன்ற இடத்தில்தான் நுழைகிறது. பூச்சியத்தை விட்டுவிட்டு வெறும் 9 என்று எழுதியவர், அடுத்த வரியில் அதை 90 என்று படித்துவிடுவதை விடைத்தாள்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு இலக்கங்களையும் எப்போதும் எழுதுங்கள்.

40 இருக்கும்போது பெருக்கல் வரிசை எதற்கு? கூடுதல் வேலைதானே?

40 என்பது ஓர் உறுதிமொழி: நாற்பதாவது அடுக்கில் 01 நிச்சயம் இருக்கும். ஆனால் 01 முதன்முதலாக அங்கேதான் வருகிறது என்று தேற்றம் எங்கும் சொல்லவில்லை. வரிசை எதுவாக இருந்தாலும் அது 40-ஐ மீதியின்றி வகுக்கும் என்பதே உண்மை. வகுக்காமல் போனால், 40-ஐ வரிசையால் வகுத்து வரும் மீதி வரிசையை விடச் சிறிய அடுக்காக இருக்கும். அங்கேயும் 01 வந்தாக வேண்டும். ஆனால் வரிசைதான் முதன்முறை என்று முன்பே சொல்லிவிட்டோம்.

மட்டு 100-இல் இன்னும் ஒரு சிறப்பு உண்டு: எந்த எண்ணுக்கும் வரிசை 40 ஆவதே இல்லை, அதிகபட்சம் 20. காரணத்தை 100 = 4 × 25 என்று பிரித்தால் காணலாம். எந்த ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தையும் 4-ஆல் வகுக்க மீதி 1. 5-ஆல் வகுபடாத எந்த எண்ணுக்கும், φ(25) = 20 என்பதால், இருபதாவது அடுக்கை 25-ஆல் வகுக்க மீதி 1. இரண்டு நாளுக்கு ஒருமுறை வருபவரும் இருபது நாளுக்கு ஒருமுறை வருபவரும் இன்று ஒன்றாக வந்தால், மறுபடி ஒன்றாக வருவது நாற்பதாம் நாளில் அல்ல, இருபதாம் நாளிலேயே. அதுபோல a^20 − 1 என்பது 4-ஆலும் 25-ஆலும் வகுபடுவதால் 100-ஆலும் வகுபடும். ஆகவே a^20 ≡ 1. φ(100) காண 2-ஐயும் 20-ஐயும் பெருக்குகிறோம். உண்மையான சுழற்சிக்கோ அவற்றின் மீச்சிறு பொது மடங்கே போதும்.

ஆகவே முந்தைய கணக்கில் 27-இலிருந்தும் ஒரு 20-ஐக் கழித்து, 13^7 என்றே நிறுத்தியிருக்கலாம். 13^4, 13^2, 13 ஆகியவை 61, 69, 13; பெருக்கினால் 61 × 69-இலிருந்து 09, பிறகு 17. அதே விடை, இரண்டு வர்க்கங்கள் மிச்சம்.

ஓர் எண்ணின் வரிசையைக் காண இருபது அடுக்கையும் வரிசையாக எழுதித்தான் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். வரிசை 20-ஐ வகுக்க வேண்டும் என்பதால் அது 1, 2, 4, 5, 10, 20 ஆகியவற்றில் ஒன்று. அது 20 இல்லையென்றால், 4-ஐயோ 10-ஐயோ கட்டாயம் வகுக்கும். எனவே நான்காவது அடுக்கையும் பத்தாவது அடுக்கையும் மட்டும் பாருங்கள். இரண்டும் 01 இல்லையென்றால் வரிசை 20 என்று உறுதியாக எழுதிவிடலாம்.

23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 23^2 = 529, எனவே 29. 29-இன் வர்க்கம் 841, எனவே நான்காவது அடுக்கு 41. 41 × 23 = 943, எனவே ஐந்தாவது அடுக்கு 43. 43-இன் வர்க்கம் 1849, எனவே பத்தாவது அடுக்கு 49. நான்காவதும் பத்தாவதும் 01 இல்லை, வரிசை 20. மாறாக 11-க்கு நான்காவது அடுக்கு 41, பத்தாவது அடுக்கு 01. ஆகவே வரிசை 10-ஐ வகுக்கிறது. 11^2 ≡ 21, 11^5 ≡ 51 என்பதால் 2-உம் அல்ல, 5-உம் அல்ல, 10-தான்.

தேர்வறையில் ஒரே ஒரு கணக்குக்காக வரிசையைத் தேடுவது பெரும்பாலும் வீண். 20 என்று வைத்துக்கொண்டு போவதே விரைவு. ஒன்றை மட்டும் நினைவில் கொண்டால் நல்லது: 07, 43, 57, 93 ஆகிய நான்கின் வர்க்கமும் 49-இல் முடிகிறது, 49-இன் வர்க்கம் 01-இல் முடிகிறது. ஆகவே இந்த நான்குக்கும் வரிசை 4.

அடுக்கு 20-ஆல் சரியாக வகுபட்டு மீதி 0 வந்தால், விடை 00 தானே?

அல்ல, 01. மீதி 0 என்றால் மிஞ்சியிருப்பது a^0, அதன் மதிப்பு 1. 100-க்குச் சார்பகா எண்ணின் எந்த அடுக்கும் 00-இல் முடியவே முடியாது, ஏனெனில் அதற்குள் 2-உம் 5-உம் எங்கிருந்தும் வந்து சேராது. அடுக்கின் மீதியையும் எண்ணின் மீதியையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழை இது.

மீதி 19 அல்லது 39 வந்தால் நீளமாகப் பெருக்கித்தான் ஆக வேண்டுமா?

பின்னாலிருந்து வாருங்கள். 3^39 கேட்டால், 3^40 ≡ 1 என்பது தெரியும். எனவே 3^39 என்பது 3-ஆல் பெருக்கினால் 01-இல் முடியும் எண். 3 × 67 = 201. விடை 67. இப்படி ஓர் எண் நிச்சயம் இருக்கும், ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மேலே தேற்றத்தின் காரணத்தில் எதுவும் விடுபடாமலும் இருமுறை வராமலும் இடம் மாறியதே அதற்குச் சான்று.

1-இல் முடியும் எண்ணுக்குப் பத்துகள் இலக்கத்தை அடுக்கால் பெருக்கினால் போதும் என்கிறார்கள். அது எப்படி?

சரியான வழிதான். எண்ணை 10t + 1 என்று எழுதி, ஈருறுப்புத் தேற்றப்படி விரித்தால், 1, 10tn ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளிலும் 10t-இன் வர்க்கமாவது இருக்கும். அவை நூறின் மடங்குகள். ஆகவே (10t + 1)^n ≡ 10tn + 1. 31^47 என்றால் 3 × 7 = 21, அதன் ஒன்றுகள் இலக்கம் 1 பத்துகள் இடத்துக்குப் போகிறது; விடை 11.

1-இல் முடியாத எண்ணையும் இந்த வழிக்குக் கொண்டுவரலாம். 3-இல் முடியும் எண்ணின் நான்காவது அடுக்கு 1-இல் முடியும், அங்கிருந்து தொடரலாம். ஆனால் இரட்டைப்படை எண்ணுக்கு இது எட்டாது.

நான் எப்போதும் அடுக்கின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். விடை சரியாகவே வருகிறது. அது தவறு என்கிறார்களே?

இங்கே அது சரியாக வருவதற்குக் காரணம் உண்டு. அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்களை எடுப்பது, அடுக்கை 100-ஆல் வகுத்து மீதி எடுப்பதுதான். மட்டு 100-இன் சுழற்சி 20-ஐ வகுக்கிறது, 20 என்பது 100-ஐ வகுக்கிறது. ஆகவே அடுக்கில் நூறுகளைக் கழித்தால் முழுச் சுழற்சிகளையே கழிக்கிறோம். ஐம்பது இலக்கங்கள் கொண்ட ஓர் அடுக்கு 27-இல் முடிகிறது என்று மட்டும் தெரிந்தாலே, 13-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 17-இல் முடியும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் 'எதன் மீதியைத் தேடுகிறோமோ அதாலேயே அடுக்கையும் குறைக்கலாம்' என்று இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொண்டால் அடுத்த கணக்கிலேயே வீழ்வீர்கள். 7^10-இன் கடைசி ஓர் இலக்கம் என்ன? அடுக்கின் கடைசி இலக்கம் 0, எனவே 7^0 = 1 என்பார் அந்த விதியை நம்பியவர். உண்மையில் மட்டு 10-இல் சுழற்சி 4; 10-ஐ 4-ஆல் வகுக்க மீதி 2; 7^2 = 49; விடை 9. 10 என்பது 4-இன் மடங்கு அல்ல என்பதால் விதி இங்கே உடைகிறது. அடிமானத்துக்கு ஒரு சுழற்சி, அடுக்குக்கு வேறொரு சுழற்சி என்பதை ஒவ்வொரு முறையும் எழுதிவைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

2^41-க்கு 2^40 ≡ 1 என்று போட்டு 02 என்று எழுதினேன். ஏன் மதிப்பெண் இல்லை?

2^40 = 1099511627776; அது 76-இல் முடிகிறது, 01-இல் அல்ல. 2^41 = 2199023255552; விடை 52. 2 என்பது 100-க்குச் சார்பகா எண் அல்ல. ஆகவே ஆய்லரின் தேற்றம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 2-இன் எந்த அடுக்கும், 2^0 ஒன்றைத் தவிர, இரட்டைப்படை என்பதால் 01-இல் முடியவே முடியாது; இதை எழுதுவதற்கு முன் ஒரு கணம் நினைத்தாலே பிழை தெரிந்துவிடும்.

தேற்றத்தின் காரணம் எங்கே முறிகிறது என்றும் பார்க்கலாம். 1-ஐ 2-ஆல் பெருக்கினால் 02; 51-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 102, அதாவது 02. இரண்டு வெவ்வேறு எண்கள் ஒன்றாகிவிட்டன. இனி இடம் மாறுதல் இல்லை, இழப்பு. 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 02, 04, 08, 16, 32, 64, 28, 56, 12, 24, 48, 96, 92, 84, 68, 36, 72, 44, 88, 76, 52, 04. இருபத்திரண்டாவது இடத்தில் 04 திரும்பி வந்துவிட்டது, அங்கிருந்து எல்லாம் அப்படியே சுழலும். முதலில் இருந்த 02 மட்டும் எக்காலத்திலும் திரும்பாது. வட்டப் பாதைக்குள் நுழைவதற்கு முன் உள்ள ஒரு சிறு கிளைவழி போன்றது அது.

அப்படியானால் இரட்டைப்படை எண்ணுக்கு என்னதான் செய்வது?

100-ஐ 4, 25 என்று பிரித்து இரண்டிலும் தனித்தனியே மீதி கண்டு, பிறகு சேர்க்க வேண்டும். இரட்டைப்படை எண்ணின் அடுக்கு 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் 4-ஆல் மீதி 0. 25-ஐப் பொறுத்தவரை, எண் 5-ஆல் வகுபடாதவரை ஆய்லரின் தேற்றம் முழுமையாகச் செல்லும். சுழற்சி 20 அல்லது அதன் காரணி.

18^77-ஐப் பார்ப்போம். 18^2 = 324; இதை 25-ஆல் வகுக்க மீதி 24, அதாவது ஒன்று குறைவு, −1 என்று கொள்ளலாம். எனவே 18^4-க்கு மீதி 1. மட்டு 25-இல் 18-இன் வரிசை 4. 77-ஐ 4-ஆல் வகுக்க மீதி 1. ஆகவே 18^77-ஐ 25-ஆல் வகுக்க மீதி 18. அப்படி மீதி தரும் ஈரிலக்க எண்கள் 18, 43, 68, 93 ஆகிய நான்கே. அவற்றில் 4-ஆல் வகுபடுவது 68. விடை 68. அவசரத்தில் 18 என்று நிறுத்திவிடுபவர்கள், 18 என்பது 4-ஆல் வகுபடாது என்பதைச் சரிபார்த்தால் தப்பிக்கலாம்.

5-இன் ஒற்றைப்படை மடங்குகளுக்கு இத்தனை வேலை இல்லை. இரண்டாவது அடுக்கிலிருந்து 25-இன் மடங்கு, ஒற்றைப்படை. எனவே 25 அல்லது 75 மட்டுமே. 4-ஆல் வகுக்கும்போது மீதி 1 என்றால் 25, மீதி 3 என்றால் 75. 35^2 = 1225, 35^3 = 42875.

எல்லா எண்ணுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாதா?

மட்டு 100-க்கு உண்டு. அடிமானம் எதுவாக இருந்தாலும், அடுக்கு 2 அல்லது அதற்கு மேல் இருந்தால், அடுக்கோடு 20-ஐக் கூட்டினாலும் கடைசி இரண்டு இலக்கங்கள் மாறா. 100 = 2^2 × 5^2 என்பதில் 2, 5 இரண்டின் அடுக்கும் 2 என்பதே இந்த '2 அல்லது அதற்கு மேல்' என்ற நிபந்தனையின் தோற்றம்: எண்ணில் ஒரே ஒரு 2 இருந்தாலும் இரண்டாவது அடுக்கில் 4 முழுதாகச் சேர்ந்துவிடும்; 5-க்கும் அவ்வாறே. அதற்குப் பிறகு கிளைவழி இல்லை, வட்டம் மட்டுமே.

எனவே அடுக்கை 20-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். மீதி 0 அல்லது 1 வந்தால் மட்டும் 20-ஐக் கூட்டி 20 அல்லது 21 என்று கொள்ளுங்கள். (கேட்ட அடுக்கே 0 அல்லது 1 என்றால் இதற்கு வேலையே இல்லை.) 2^41-க்கு மீதி 1, எனவே 2^21, பட்டியலில் இருபத்தொன்றாவது 52. 2^1000-க்கு மீதி 0, எனவே 2^20, விடை 76. சார்பகா எண்ணுக்கு இந்தக் கூட்டல் தேவையில்லை, செய்தாலும் தீங்கில்லை.

7^(7^7) போல அடுக்குக்கு மேல் அடுக்கு இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

வெளியே உள்ள மட்டிலிருந்து தொடங்கி, மேலே ஏற ஏற மட்டை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அடிமானம் 7-க்கு மட்டு 100-இல் வரிசை 4. ஆகவே 7^7 முழுதாக வேண்டாம், அதை 4-ஆல் வகுத்த மீதி போதும். 7-ஐ 4-ஆல் வகுக்க மீதி 3, அதாவது −1. ஒற்றைப்படை அடுக்கு என்பதால் 7^7-க்கும் −1, அதாவது 3. எனவே 7^3 = 343; விடை 43. 7^7 = 823543 என்பதை 4-ஆல் வகுத்தும் சரிபார்க்கலாம்.

மூன்றுகளால் ஆன கோபுரம் இன்னும் அழகானது. 3-இன் வரிசை 20 என்பதால் அடுக்கை 20-ஆல் வகுத்த மீதி வேண்டும். மட்டு 20-இல் 3-இன் வரிசை 4, ஏனெனில் 81-ஐ 20-ஆல் வகுக்க மீதி 1. 3^3 = 27-ஐ 20-ஆல் வகுக்க மீதி 7; எனவே 3^27 ≡ 3^7 = 2187, வால்பகுதி 87. இன்னொரு மாடி ஏற்றினால், அடுக்கு 3^27, 27-ஐ 4-ஆல் வகுக்க மீதி 3, எனவே 3^27-ஐ 20-ஆல் வகுக்க மறுபடி 7, மறுபடி 87. 3-இன் ஒற்றைப்படை அடுக்கு எதையும் 4-ஆல் வகுக்க மீதி 3 என்பதால், இதற்கு மேல் எத்தனை மாடி கட்டினாலும் 87 அசையாது. மூன்றுகளின் மாபெரும் கோபுரமான கிரகாம் எண்ணை யாராலும் முழுதாக எழுத முடியாது. ஆயினும் அதுவும் 87-இல் முடிகிறது என்று இதே காரணத்தால் உறுதியாகச் சொல்லலாம்.

2^(3^100)-க்கு 02 என்று வந்தது. எல்லாப் படியும் சரியாகத்தானே செய்தேன்?

மேல்மாடி சரி. மட்டு 20-இல் 3-இன் வரிசை 4. 100 என்பது 4-ஆல் வகுபடும். எனவே 3^100-ஐ 20-ஆல் வகுக்க மீதி 1. பிழை கீழ்மாடியில்: மீதி 1 என்பதை அடுக்கு 1 என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அடிமானம் 2 என்பதால், பொதுவிதியில் சொன்னபடி 21 என்று கொள்ள வேண்டும், விடை 52. கோபுரக் கணக்குகளில் இந்தப் பொறி நன்றாக மறைந்திருக்கும், ஏனெனில் அடுக்கு எவ்வளவு பெரிது என்பது மேலே மீதி எடுக்கும்போதே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இரட்டைப்படை அடிமானம் என்றால், 02 என்ற விடையை 4-ஆல் வகுத்துப் பாருங்கள். வகுபடவில்லை என்றால் எங்கோ தவறு.

விடையைக் கணினியில் எப்படிச் சரிபார்ப்பது?

பைத்தானில் மூன்றாவது உள்ளீடு கொண்ட `pow` போதும். அது ஒவ்வொரு படியிலும் மீதி எடுத்துக்கொண்டே போவதால் உடனே விடை தரும்.

```python
print(pow(13, 2027, 100))    # 17
print(pow(18, 77, 100))      # 68
print(pow(2, 3**100, 100))   # 52
print(pow(7, 4, 100))        # 1
```

கடைசி வரியில் 1 என்று வருவதை 01 என்றே படிக்க வேண்டும். `(13**2027) % 100` என்று எழுதினாலும் இந்த அளவுக்கு விடை வரும். ஆனால் 3^100 போன்ற அடுக்குக்கு முழு எண்ணையே உருவாக்க முயன்று, எந்தக் கணினியின் நினைவகத்திலும் இடமில்லாமல் நின்றுவிடும்.

கடைசி மூன்று இலக்கம் கேட்டால் எதை மாற்ற வேண்டும்?

φ(1000) = 400. ஆனால் 40-க்கு நேர்ந்ததே இதற்கும் நேர்கிறது: 1000 = 8 × 125 என்று பிரித்தால், ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுக்க மீதி 1, மட்டு 125-இல் சுழற்சி 100-ஐ வகுக்கும்; ஆகவே 400 அல்ல, 100 போதும். பொதுவிதியில் '2 அல்லது அதற்கு மேல்' என்பது '3 அல்லது அதற்கு மேல்' ஆகிறது. எனவே அடுக்கை 100-ஆல் வகுத்து மீதி 0, 1, 2 வந்தால் மட்டும் 100-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 2^102-ஐ 004 என்று எழுதக்கூடாது, ஏனெனில் 004 என்பது 8-ஆல் வகுபடாது.